ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம்: திருப்பித் தருவதா, கணக்கில் வைப்பதா?

2021ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பிரிட்டனில் சுமார் 75,000 பேரின் கணக்கில் எதிர்பாராத பணம் வந்து விழுந்தது. சம்பளம் வாங்கியவர்களுக்கு இன்னொரு சம்பளம், பில் தொகை பெற்ற வியாபாரிகளுக்கு அதே தொகை மறுபடியும். சாண்டாண்டர் வங்கியில் கணக்கு வைத்திருந்த சுமார் 2,000 நிறுவனங்கள் அனுப்பச் சொல்லியிருந்த பணத்தை, அட்டவணைக் கோளாறால் வங்கி இரண்டு முறை அனுப்பிவிட்டது. இரண்டாம் முறை போனது 13 கோடி பவுண்டு, அதுவும் வங்கியின் சொந்தப் பணம். பணம் போய்ச் சேர்ந்த கணக்குகளில் பல வேறு வங்கிகளில் இருந்தன. அனுப்புவதற்கு ஒரு நொடி போதுமானதாக இருந்தது. திரும்ப வாங்குவதற்கோ ஒவ்வொரு வங்கியிடமும் போய்க் கேட்க வேண்டியிருந்தது. பண்டிகை நாளில் கைக்கு வந்த பணத்தை யாராவது செலவழித்திருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

அவ்வளவு பெரிய தொகை நம் ஊர்க் கடைகளில் புரள்வதில்லை. ஆனால் அதே தவறு சிறிய அளவில் நடக்காத மொத்த வியாபாரம் இருக்காது. முதலாளி செல்போனில் பணம் போட்டிருப்பார், அது தெரியாமல் கணக்குப்பிள்ளை செக் எழுதியிருப்பார். ‘பெண்டிங்’ என்று காட்டியதும் வாடிக்கையாளர் பதறிப்போய் வேறு ஆப்பிலிருந்து மறுபடி அனுப்பியிருப்பார். இப்படி வந்த கூடுதல் பணத்தை, வாங்கிய கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தக் கணக்கில் வைப்பது, வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது, எந்த வழியில் திருப்பித் தருவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். தெரிந்தே அடுத்தவர் பணத்தை வைத்துக்கொள்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலான இடங்களில் பணம் தவறான தலைப்பில் ஏறிவிடுகிறது, பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை.

சட்டம் 1872லேயே சொல்லிவிட்டது

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இல் வந்தது. அதன் 72ஆவது பிரிவு, தவறுதலாகத் தரப்பட்ட பணத்தைப் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவுக்குச் சட்டம் எழுதியவர்கள் தந்திருக்கும் முதல் உதாரணமே இரட்டைக் கட்டணம்தான். இருவர் சேர்ந்து மூன்றாமவருக்கு நூறு ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள். ஒருவர் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறார். அது தெரியாமல் மற்றவரும் நூறு ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். இரண்டாவதாகக் கொடுத்தவருக்கு மூன்றாமவர் அந்த நூறு ரூபாயைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் நம் கடைகளில் அச்சு அசலாக இதுதான் நடக்கிறது. அந்த இருவரின் இடத்தில் இன்று முதலாளியும் அவருடைய கணக்குப்பிள்ளையும் இருக்கிறார்கள், அவ்வளவே.

‘அவர்தானே கவனமில்லாமல் அனுப்பினார்’ என்ற பதில் இங்கே எடுபடாது. பெற்றவர்மேல் குற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பணம் திரும்ப வேண்டும். கேட்டு வாங்கும் உரிமைக்குப் பொதுவாக மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. தவறால் நேர்ந்த விஷயங்களில் அந்தத் தவறு தெரியவந்த நாளிலிருந்துதான், அல்லது முயன்றிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்துதான், காலவரம்புச் சட்டம் கணக்கை ஆரம்பிக்கிறது. ‘பழைய கணக்கு, இனி யார் கேட்கப்போகிறார்கள்’ என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ஒளிந்துகொள்ளும் பணம்

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நடப்பில் வரும் சிக்கல்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கோவையில் ஒரு பம்ப்செட் மொத்த வியாபாரி. அவரிடம் திண்டுக்கல்லில் உள்ள ஒரு கடைக்காரர் சரக்கு எடுக்கிறார். பில் எண் 412, ஜி.எஸ்.டி. உள்பட 1,84,600 ரூபாய். சரக்கில் ஒரு ஃபுட் வால்வு உடைந்து வந்ததால் கடையிலிருந்து அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரியோடு அதன் விலை 2,500 ரூபாய். ஆக, அந்த பில்லுக்கு உண்மையில் தர வேண்டியது 1,82,100 ரூபாய்.

சனிக்கிழமை இரவு கடையின் உரிமையாளர் தன் சொந்த சேமிப்புக் கணக்கிலிருந்து ஐ.எம்.பி.எஸ். வழியாக 1,84,600 ரூபாயை அனுப்பினார். உடைந்த வால்வு விஷயம் அப்போது அவர் நினைவில் இல்லை. திங்கட்கிழமை காலை கடையின் கணக்குப்பிள்ளை பாக்கி பில்களைப் புரட்டினார். 412 இன்னும் கோப்பில் இருந்தது. வால்வுக்கான 2,500 ரூபாயைக் கழித்துக்கொண்டு, கடையின் நடப்புக் கணக்கிலிருந்து 1,82,100 ரூபாயை நெஃப்ட்டில் போட்டார்.

கோவையில் அந்தப் பணங்கள் எப்படித் தெரிந்தன? திங்கட்கிழமை வந்த நெஃப்ட்டில் கடையின் பெயர் இருந்தது, தொகை சரியாக இருந்தது, பில் எண்கூடக் குறிப்பில் இருந்தது. உடனே 412க்கு எதிராக வரவு வைக்கப்பட்டு பில் முடிந்தது. சனிக்கிழமை வந்த பணத்தில் இருந்ததோ ஒரு தனி மனிதரின் பெயர். கோவை அலுவலகத்தில் அந்தப் பெயரில் வாடிக்கையாளர் யாரும் கிடையாது. ‘யாரென்று தெரிந்ததும் மாற்றிக்கொள்ளலாம்’ என்று அதை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டார்கள். கடையின் லெட்ஜரைத் திறந்து பார்த்தால் எல்லாம் நேராக இருக்கிறது. இரட்டைப் பணம் வந்ததற்கான அடையாளமே அதில் இல்லை.

இரட்டைக் கட்டணத்தைத் தேடுகிறவர்கள் வழக்கமாக ஒரே தொகை இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இங்கே தொகையும் வேறு, அனுப்பியவர் பெயரும் வேறு, வழியும் வேறு. கழிவு, வண்டி வாடகை, டி.டி.எஸ்., சரக்குத் திருப்பம் என்று ஏதாவது ஒன்றைக் கழித்துக்கொண்டு இரண்டாவது பணம் வருவது சகஜம். ஆகவே தேடவேண்டிய இடம் மூன்று. ஒன்று, வங்கி ஸ்டேட்மென்ட்டில் வந்து எந்த பில்லோடும் சேராமல் சஸ்பென்ஸில் கிடக்கும் வரவுகள். இரண்டு, வாங்கியவர் லெட்ஜரில் பாக்கி இருக்க வேண்டிய இடத்தில் நாம் அவருக்குத் தர வேண்டியதாகக் காட்டும் இருப்பு. மூன்று, பில் தொகைக்கு மிக அருகில் வந்து, வித்தியாசத்துக்கு ஒரு காரணம் சொல்லக்கூடிய தொகைகள். வாரம் ஒரு முறையாவது வங்கி ஸ்டேட்மென்ட்டை வைத்துக் கணக்கை ஒத்துப்பார்க்கும் கடையில் இது ஏழு நாளுக்குள் பிடிபடும். மார்ச் மாதம் ஆடிட்டர் கேட்டபிறகு பார்க்கும் கடையில் ஓர் ஆண்டுகூட ஆகலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரே தொகை இரண்டு முறை வந்துவிட்டால் அது இரட்டைக் கட்டணம்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே சரக்கை அதே அளவில் எடுக்கும் கடைகள் இருக்கின்றன. அவர்களுக்கு இரண்டு பில்லின் தொகையும் ஒன்றாகவே இருக்கும். அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு பணத்தைத் திருப்பி அனுப்பினால், அடுத்த மாதம் அதே கடைக்குப் பாக்கி நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருக்கும். எத்தனை பில், எத்தனை வரவு என்று எண்ணிக்கையை ஒத்துப்பார்த்த பிறகே தொலைபேசியை எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாள எண் இருப்பது இங்கே பெரிய உதவி. நெஃப்ட்டுக்கு 16 எழுத்து கொண்ட யு.டி.ஆர்., ஐ.எம்.பி.எஸ்.ஸுக்கும் யு.பி.ஐ.க்கும் 12 இலக்க எண். ஒரே பரிவர்த்தனையைக் கணக்குப்பிள்ளை தவறுதலாக இரண்டு முறை எழுதியிருந்தால் எண் ஒன்றாகவே இருக்கும், வந்தது ஒரே பணம்தான். எண் வேறு வேறாக இருந்து, இரண்டும் வங்கி ஸ்டேட்மென்ட்டில் வரவாகியிருந்தால்தான் உண்மையில் இரண்டு பணம் வந்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட், எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப்பில் வரும் ரசீதுப் படம் ஆகியவை எதற்கும் ஆதாரமில்லை. வங்கிக் கணக்கில் ஏறியதுதான் பணம்.

கூடுதல் எவ்வளவு?

நம் கணக்கில் மொத்தம் வந்தது 3,66,700 ரூபாய். தர வேண்டியது 1,82,100. கூடுதல் 1,84,600. அவசரத்தில் பலர் இங்கே சறுக்குவார்கள். ‘இரண்டாவதாக வந்ததுதானே கூடுதல்’ என்று 1,82,100ஐத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வால்வுக்கான 2,500 ரூபாய் கோவையிலேயே நின்றுவிடும். தேதி வரிசையை வைத்துக் கூடுதலைக் கணக்கிடக் கூடாது. மொத்த வரவிலிருந்து, சரக்குத் திருப்பத்தைக் கழித்த பில் தொகையை எடுத்த பிறகு மிஞ்சுவதே கூடுதல்.

அந்த 2,500 ரூபாய்க்கும் 1,84,600 ரூபாய்க்கும் இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. அதுதான் ஜி.எஸ்.டி. பக்கம் பலரையும் மாட்டிவிடுகிறது. வால்வு திரும்பி வந்ததால் விற்பனையே குறைந்தது. அதற்கு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி கிரெடிட் நோட் போட்டு, அந்த அளவுக்கு வரியையும் குறைத்துக்கொள்ளலாம். இரட்டையாக வந்த 1,84,600 ரூபாயால் விற்பனை கூடவுமில்லை, குறையவுமில்லை. சரக்கு போனது ஒரு தடவைதான், பில்லும் ஒன்றுதான். அதற்கு வரியோடு சேர்த்து கிரெடிட் நோட் போட்டால், நடந்த விற்பனையை நடக்காததாகக் காட்டியதாக ஆகிவிடும். விற்றவர் கட்ட வேண்டிய வரி குறையும், வாங்கியவர் நியாயமாக எடுத்த உள்ளீட்டு வரி வரவும் அடிபடும். ‘உங்களுக்கு கிரெடிட் போட்டுவிடுகிறேன்’ என்று வாய்ப்பேச்சில் சொல்வதை அப்படியே கிரெடிட் நோட்டாக எழுதிவிடும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. இந்தக் கூடுதலுக்கு வேண்டியது வெறும் கணக்குப் பதிவு மட்டும்.

டேலியில் இது மிக எளிது. கூடுதலாக வந்த பணத்தை சஸ்பென்ஸிலிருந்து வாடிக்கையாளரின் லெட்ஜருக்கு மாற்றும்போது, முடிந்துபோன பில்லின்மேல் `Agst Ref` என்று மறுபடி ஏற்றக் கூடாது. `Advance` என்று தேர்ந்தெடுத்து, ‘412-இரட்டை வரவு’ என்று பெயர் கொடுக்கலாம். பிறகு பணத்தைத் திருப்பித் தந்தாலும், வேறு பில்லில் கழித்தாலும், அந்தப் பெயருக்கு எதிராகவே எழுத வேண்டும். `On Account` என்று பொதுவாகப் போட்டு வைத்தால் ஆறு மாதம் கழித்து அது எதற்கு வந்த பணம் என்று யாருக்கும் தெரியாது. எந்த நிலையிலும் அதை விற்பனையிலோ ‘இதர வருமான’த்திலோ ஏற்றக் கூடாது. அது கடையின் வருமானமே கிடையாது, கடை தர வேண்டிய கடன்.

முதலில் அழைக்க வேண்டியது விற்றவர்

கூடுதல் பணம் வந்திருப்பது உறுதியானதும், வாடிக்கையாளர் கண்டுபிடித்துக் கேட்கும்வரை காத்திருப்பது வியாபார உறவையே கெடுக்கும். கேட்ட பிறகு சொன்னால், உண்மையிலேயே தெரியாமல் இருந்தவர்கூட மறைத்தவர்போலத் தெரிவார். தொலைபேசியில் ஒரு வார்த்தை போதும்: “அண்ணே, 412 பில்லுக்கு நீங்க சனிக்கிழமை போட்டதும் வந்துருச்சுங்க, திங்கட்கிழமை கடைக் கணக்கிலிருந்தும் வந்துருச்சுங்க. கூடுதலா நிக்கிறதை அனுப்பிடட்டுங்களா, இல்ல பில்லுல கழிச்சுக்கலாமுங்களா?”

அந்தப் பேச்சைத் தொடர்ந்து எழுத்தில் ஒரு கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ போக வேண்டும். வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டதை மூன்று மாதம் கழித்து இரு தரப்பும் வேறு வேறாக நினைவு வைத்திருக்கும். அதில் என்ன எழுதலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

“ஐயா, வணக்கம். பில் எண் 412, தொகை ரூ. 1,84,600. சரக்குத் திருப்பம் ரூ. 2,500 கழித்து நிகரத் தொகை ரூ. 1,82,100. இந்த பில்லுக்குத் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து ஐ.எம்.பி.எஸ்.ஸில் ரூ. 1,84,600, கடைக் கணக்கிலிருந்து நெஃப்ட்டில் ரூ. 1,82,100 என இரண்டு வரவுகள் வந்துள்ளன. பரிவர்த்தனை எண்கள் கீழே உள்ளன. கூடுதலாக எங்களிடம் இருப்பது ரூ. 1,84,600. தங்கள் பில் எண் 397க்கு ரூ. 46,300 பாக்கி உள்ளது, தவணை இன்னும் வரவில்லை. கூடுதல் தொகை முழுவதையும் திருப்பி அனுப்பலாம். அல்லது 397ஐக் கழித்துக்கொண்டு மீதி ரூ. 1,38,300ஐ அனுப்பலாம். அல்லது அந்த மீதியை அடுத்த பில்லில் வரவு வைக்கலாம். எது வசதியோ தெரிவியுங்கள். தங்கள் பதில் வரும்வரை எந்த பில்லிலும் இதைக் கழிக்க மாட்டோம். தாங்களும் அடுத்த பில்லில் இதைக் கழித்து அனுப்ப வேண்டாம்.”

கடைசி இரண்டு வரிகளைச் சும்மா சேர்க்கவில்லை. விற்றவர் பணத்தைத் திருப்பி அனுப்பிய அதே வாரத்தில், அது தெரியாத கணக்குப்பிள்ளை அடுத்த பில்லில் அதே தொகையைக் கழித்துக்கொண்டு பணம் அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. இரட்டைக் கட்டணம் இரட்டைத் திருப்பமாக மாறிவிடும். இப்போது பணத்தைத் தேடி அலைய வேண்டியவர் விற்றவர்.

வாடிக்கையாளரைக் கேட்காமலே பழைய பாக்கியில் கழித்துக்கொண்டால் என்ன? ஒப்பந்தச் சட்டத்தின் 59 முதல் 61 வரையுள்ள பிரிவுகள் இதைப் பேசுகின்றன. பணம் தருகிறவர் இன்ன கடனுக்கு என்று குறிப்பிட்டுத் தந்தால், அதை ஏற்றுக்கொண்டவர் அந்தக் கடனுக்குத்தான் வரவு வைக்க வேண்டும். எதுவும் சொல்லாமல் தந்தால்தான், தனக்கு வர வேண்டிய கடன்களில் எதற்கு வேண்டுமானாலும் வாங்கியவர் வைத்துக்கொள்ளலாம். இங்கே இரண்டு பணமும் 412க்கு என்றே அனுப்பப்பட்டவை. 397க்குத் தவணையும் வரவில்லை. ஆக, எப்படித் தீர்ப்பது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை திண்டுக்கல்காரருடையது. விற்றவர் யோசனை சொல்லலாம், தாமாக முடிவெடுத்துவிடக் கூடாது.

எது யாருக்கு லாபம்

வாடிக்கையாளர் பக்கம் நின்று பார்த்தால் இந்தத் தேர்வின் கனம் தெரியும். அந்தக் கடை 10 சதவீத வட்டிக்கு ஓவர்டிராஃப்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,84,600 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி சுமார் 50 ரூபாய், ஒரு மாதத்துக்கு 1,540 ரூபாய்க்குக் கிட்டே. அடுத்த சரக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் என்றால், ‘கணக்கில் இருக்கட்டும்’ என்று சொல்வது மூவாயிரம் ரூபாயைக் கோவைக்குச் சும்மா கொடுப்பதற்குச் சமம். அவர் பணத்தைத் திரும்பக் கேட்பதே சரி. அதுவே பத்து நாளில் லோடு எடுக்கப்போகிறவர் என்றால் கணக்கில் வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை, இரண்டு பக்கமும் வேலை மிச்சம்.

பெரும்பாலான நேரங்களில் நடுவழிதான் பொருந்துகிறது. உடனே தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவது. ஆனால் கழிப்பது என்று முடிவானால் எந்த பில்லில், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். குறித்த தேதிக்குள் புதிய பில் எதுவும் வராவிட்டால் மீதி தானாகத் திருப்பி அனுப்பப்படும் என்ற ஒரு வரியும் சேர்க்கலாம். முப்பது நாள் நியாயமான கெடு. தனியார் நிறுவனமாகப் பதிவு செய்தவர்களுக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. சரக்குக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் சரக்கில் கழிக்காவிட்டால், நிறுவனச் சட்டத்தின் விதிகளில் அது ‘டெபாசிட்’ என்ற வகைக்குள் போய்விடக்கூடும்.

சரக்கு விற்பவருக்கும் சேவை தருபவருக்கும் ஜி.எஸ்.டி.யில் ஒரு வேறுபாடு உண்டு. சரக்குக்கான முன்பணத்துக்கு வாங்கும்போதே வரி கட்ட வேண்டியதில்லை என்று 2017 நவம்பர் 15ஆம் தேதி அறிவிப்பு வந்துவிட்டது. ஆகவே பம்ப்செட்காரர் கூடுதல் பணத்தை அடுத்த பில்லுக்கு என வைத்துக்கொண்டாலும் அதனால் வரிச் சுமை இல்லை. சேவைக்கு அப்படியில்லை. விளம்பர ஏஜென்சி, பழுதுபார்ப்பு ஒப்பந்தக்காரர், ஆடிட்டர் போன்றவர்கள் கூடுதல் பணத்தை அடுத்த மாதச் சேவைக்கான முன்பணமாக ஏற்றுக்கொண்டால், அந்த மாதமே அதற்கு வரி கணக்கிட வேண்டும். ரசீது வவுச்சர் போட வேண்டும், பிறகு மனம் மாறித் திருப்பித் தந்தால் ரீஃபண்ட் வவுச்சர் போட வேண்டும். சேவை தருபவர்கள் நீண்ட நாள் கணக்கில் வைக்கும் யோசனையைத் தவிர்த்து, நேராகத் திருப்பி அனுப்பிவிடுவதே சுலபம்.

வந்த வழியே திரும்ப வேண்டும்

திருப்பி அனுப்புவது என்று முடிவானதும் அடுத்த கேள்வி, எந்தக் கணக்குக்கு? விதி எளிது: எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு. நம் உதாரணத்தில் கூடுதலாக நிற்பது, உரிமையாளர் தன் சேமிப்புக் கணக்கிலிருந்து அனுப்பிய 1,84,600 ரூபாய். கடை அவருடைய தனி உரிமைக் கடையாக இருந்தால் சட்டத்தின் பார்வையில் இருவரும் ஒருவரே. அவர் கடைக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி எழுதித் தந்தால் அதிலும் பெரிய சிக்கல் இல்லை. கூட்டு நிறுவனமாகவோ தனியார் நிறுவனமாகவோ இருந்தால் பங்குதாரரின் பணம் வேறு, நிறுவனத்தின் பணம் வேறு. அங்கே சேமிப்புக் கணக்கிலிருந்து வந்தது சேமிப்புக் கணக்குக்கே போக வேண்டும்.

இந்த விதியைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளக் காரணம் மோசடி. பில்லுக்கு மேல் தெரிந்தே அதிகமாக அனுப்பிவிட்டு, ‘தவறுதலாக வந்துவிட்டது, இந்த இன்னொரு கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் அனுப்புவது செக். அது வசூலாகும் முன்பே ‘கூடுதலை’ வாங்கிக்கொள்வார்கள், செக் திரும்பி வரும். சிலர் அனுப்புவது வேறு யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணம். அதை மூன்றாவது கணக்குக்கு அனுப்பிய பிறகு, பணத்தை இழந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தால், பணம் வந்து சென்ற கடைக்காரரின் கணக்கும் முடக்கப்படலாம். இன்னும் சிலரோ பணமே அனுப்பாமல் போலி எஸ்.எம்.எஸ். மட்டும் அனுப்புகிறார்கள். வந்த கணக்குக்கே, வங்கி வழியாக, பணம் உறுதியாக ஏறிய பிறகு மட்டும் திருப்புவது என்று இருந்தால் இவை எதுவும் பலிக்காது. நெருக்குகிறவரிடம் ‘வந்த வழியில்தான் அனுப்புவோம்’ என்று சொன்னால் போதும். உண்மையான வாடிக்கையாளர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடை கவுன்ட்டரில் இதே விதி வேறு காரணத்துக்காகவும் தேவைப்படுகிறது. மளிகைக் கடையில் 1,240 ரூபாய் பில். வாடிக்கையாளர் ஸ்கேன் செய்கிறார், ‘பெண்டிங்’ என்று நிற்கிறது, கடையின் ஸ்பீக்கரும் பேசவில்லை. அவர் வேறு ஆப்பிலிருந்து கட்டிவிட்டுப் போகிறார். மாலையில் வந்து, ‘முதல் தடவை போட்டதும் என் கணக்கில் கழிந்துவிட்டது’ என்கிறார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கழிந்த பணம் கடைக்கு வந்து சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி. வந்து சேராத பணத்தை வங்கியே திருப்பித் தர வேண்டும். கடைகளில் யு.பி.ஐ. மூலம் செலுத்தியதற்கு ஐந்து நாள் கெடு, தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கடைக்காரர் பரிதாபப்பட்டுக் கல்லாவிலிருந்து 1,240 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டால், வங்கியும் திருப்பித் தரும்போது அவருக்கு நஷ்டம். வாடிக்கையாளரின் ஆப்பில் உள்ள 12 இலக்க எண்ணை வாங்கி, கடையின் செட்டில்மென்ட் பட்டியலில் தேட வேண்டும். இரண்டு எண்ணும் இருந்தால் கடையின் ஆப்பில் உள்ள ரீஃபண்ட் வழியாகவே திருப்ப வேண்டும். ஒன்றுதான் இருந்தால், வங்கியிலிருந்து தானாக வரும் என்று பொறுமையாக விளக்கி, தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்து அனுப்பலாம்.

திருப்பி அனுப்பியதும் பரிவர்த்தனை எண்ணையும் தேதியையும் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். கோவை வியாபாரி 397ஐக் கழித்துக்கொண்டு 1,38,300 ரூபாயை அனுப்பினால், அவருடைய லெட்ஜரில் ‘412-இரட்டை வரவு’ என்ற இனம் இரண்டு பதிவுகளால் பூஜ்யமாகிவிடும்: 46,300 பில் 397க்கு, 1,38,300 வங்கி வழியே. திண்டுக்கல் கடையின் புத்தகத்திலும் அதே இரண்டு பதிவுகள் இருக்க வேண்டும். இரு தரப்பும் லெட்ஜர் நகலை ஒருவருக்கொருவர் அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால்தான் விவகாரம் முடிந்தது என்று சொல்லலாம்.

நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதற்கு முன் வணிகர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வாடிக்கையாளர் பட்டியலை ஒருமுறை எடுத்து, யாருக்கெல்லாம் நாம் தர வேண்டியதாக இருப்பு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சஸ்பென்ஸ் கணக்கில் பெயர் தெரியாமல் கிடக்கும் வரவுகளையும் வங்கியிடம் கேட்டு ஒவ்வொன்றாக அடையாளம் காண வேண்டும். அப்படி நிற்கும் ஒவ்வொரு தொகைக்கும் உரியவருக்கு, அவர் கேட்கும் முன்பே, கணக்கு விவரத்தோடு ஒரு கடிதம் எழுதுங்கள்.